பிரியாணி கடையில் காசு எங்கே போகுது? கணக்கு காட்டிக் கொடுத்த கதை!

"டெய்லி 60 பிளேட் ஓடுது. ஆனா கையில காசு நிக்க மாட்டேங்குது. மாஸ்டர் மேலதான் சந்தேகமா இருக்கு!"

சென்னையில் சின்னதாக பிரியாணி கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இப்படிப் புலம்பினார். சிக்கனை மாஸ்டர் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறாரோ என்பதுதான் அவர் பயம். ஆளை மாத்துறதுக்கு முன்னாடி ஒரு வாரக் கணக்கைப் போட்டுப் பார்த்துடலாம் என உட்கார்ந்தோம். ஹோட்டல்காரர்கள் இதை 'ஃபுட் காஸ்ட்' என்பார்கள். 100 ரூபாய்க்கு விற்றால், அதில் எத்தனை ரூபாய் மளிகைக்கும் கறிக்கும் போகிறது என்பதுதான் அந்த சதவிகிதம்.

முதலில், ஒரு பிளேட்டுக்கு எவ்வளவு ஆக வேண்டும்? கிலோ 120 ரூபாய் அரிசியில் 125 கிராம், 15 ரூபாய். கிலோ 220 ரூபாய் சிக்கனில் 150 கிராம், 33 ரூபாய். எண்ணெய், நெய், வெங்காயம், மசாலா, தயிர்ப் பச்சடி எல்லாம் சேர்த்து 22 ரூபாய். மொத்தம் 70. விலை 200 ரூபாய் (ஜி.எஸ்.டி-யை இதில் சேர்க்கக் கூடாது, அது நம்ம காசு இல்லை). ஆக 35%.

கூகுள் ஷீட்டில் அளவை B வரிசையிலும் விலையை C வரிசையிலும் போட்டால், இந்த ஒரு வரி போதும்:

```
=SUMPRODUCT(B2:B8,C2:C8)
```

விலை கிலோவுக்கு என்றால் அளவும் கிலோவில் இருக்கணும். 150 கிராமை 0.15 என்று போடாமல் 150 என்றே போட்டால், ஒரு பிளேட் பிரியாணி பல ஆயிரம் ரூபாய் என்று காட்டும்!

வாரத்துக்கு 420 பிளேட். விற்பனை 84,000 ரூபாய். பிளேட்டுக்கு 70 வீதம் 29,400 ரூபாய்தான் செலவாகியிருக்கணும். இது 'ஆக வேண்டிய' கணக்கு.

நிஜமா ஆனது எவ்வளவு? திங்கள் காலை கடை திறக்கும் முன் இருந்த சரக்கு 8,000 ரூபாய். வாரம் முழுக்க வாங்கியது 34,270. ஞாயிறு இரவு மிச்சம் 8,500. முதல் இரண்டையும் கூட்டி மிச்சத்தைக் கழித்தால் 33,770 ரூபாய். அதாவது 40 சதவிகிதத்துக்குக் கொஞ்சம் மேலே. ஒரே வாரத்தில் 4,370 ரூபாய் எங்கேயோ போயிருக்கு. நண்பர் முகம் சிவந்துவிட்டது. "நான்தான் சொன்னேன்ல!"

ஆனால் மொத்தத் தொகையை வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது. பொருள் பொருளாகப் பிரிக்கணும். அரிசி 52.5 கிலோ ஆகியிருக்கணும், ஆனது 57. நாலரை கிலோ கூடுதல். சிக்கன் 63 கிலோ ஆகியிருக்கணும், ஆனது 77. அதில் 14 கிலோ கூடுதல்.

அரிசிதான் முதல் துப்பு கொடுத்தது. கடையில் வேலை பார்க்கும் ஐந்து பேரும் தினமும் மதியம் அங்கேயே சாப்பிடுகிறார்கள். வாரத்துக்கு 35 பிளேட். இது பில்லில் வராது, ஆனால் அரிசி செலவாகுமே! 35 பிளேட்டுக்கு கிட்டத்தட்ட நாலரை கிலோ. அரிசிக் கணக்கு டேலி ஆயிடுச்சு. அதே 35 பிளேட்டுக்கு சிக்கன் 5 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் போகும். எண்ணெய், மசாலாவில் வந்த வித்தியாசமும் பெரும்பாலும் இதுதான்.

மீதி சுமார் 9 கிலோ சிக்கன்? யாராவது எடுத்துட்டுப் போறாங்களா, பிளேட்டில் ஒரு பீஸ் கூட விழுதா, இல்லை வேற ஏதாவதா? மறுநாள் காலையில் வந்து இறங்கிய 11 கிலோ சிக்கனை, கொழுப்பு, ஜவ்வு, கழுத்து எல்லாம் நீக்கி, கழுவி, தண்ணீர் வடித்த பிறகு மறுபடி எடை போட்டோம். 9 கிலோ 750 கிராம்!

விஷயம் இதுதான். ரெசிபியில் இருக்கும் 150 கிராம், சுத்தம் செய்த கறி. நாம் காசு கொடுப்பதோ சுத்தம் செய்யாத எடைக்கு. ஆக, சட்டியில் விழும் சிக்கனின் நிஜ விலை கிலோ 220 இல்லை, 248. தினமும் ஒன்றேகால் கிலோ என்றால் வாரத்துக்கு கிட்டத்தட்ட 9 கிலோ. காணாமல் போன சிக்கன் குப்பைக் கூடையில்தான் இருந்திருக்கு. ஒருநாள் எடை மட்டும் போதாது என்று இன்னும் மூன்று நாள் போட்டுப் பார்த்தோம். பெரிய வித்தியாசம் இல்லை.

இப்போது ஷீட்டில் சிக்கன் விலையை 248 ஆக்கி, ஸ்டாஃப் சாப்பாட்டுக்குத் தனி வரி போட்டிருக்கிறார். பிளேட் செலவு 74 ரூபாய், அதாவது 37%. பழையபடி 35-க்கு வரணும்னா விலையை 210 ஆக்கணும். அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

"மாஸ்டர்கிட்ட ஏதாவது சொன்னீங்களாண்ணே?" என்று கேட்டேன்.

"என்னத்தைச் சொல்றது? நாலு நாளும் தராசைப் பிடிச்சதே அவருதானே!"