விறைப்பான மின்னஞ்சலை இளக்குவது எப்படி?

"மேற்படி அறிக்கை இதுவரை கிடைக்கப்பெறவில்லை. உடனடியாக அனுப்பவும்." இந்த மின்னஞ்சலில் விறைப்பைத் தருபவை, ஆளில்லாத செயப்பாட்டு வினையும் காரணம் சொல்லாத கட்டளையும்தான்.

சக ஊழியருக்கு எழுதும்போது பெயர் சொல்லி அழைத்து, கட்டளையைக் கேள்வியாக்கி, உதவவும் முன்வரலாம்: "குமார், விற்பனை அறிக்கையை நாளை மதியத்துக்குள் அனுப்ப முடியுமா? கணக்கு ஏதாவது இடித்தால் சொல்லுங்கள், சேர்ந்து பார்த்துவிடலாம்."

மேலதிகாரியிடம் இந்த உரிமை பொருந்தாது. அங்கே நட்பு, அவர் வேலையை எளிதாக்குவதில் தெரியும்: "வணக்கம் சார். வியாழன் கூட்டத்துக்கான அறிக்கையை இணைத்துள்ளேன். மூன்றாம் பக்கத் தொகைக்கு மட்டும் உங்கள் ஒப்புதல் வேண்டும். புதன் மாலைக்குள் சொன்னால் அச்சுக்குக் கொடுக்க வசதியாக இருக்கும்."

இரண்டிலும் கெடு மறையவில்லை. "நேரம் கிடைக்கும்போது" என்று அதையும் இளக்கினால் வேலை தள்ளிப்போகும்.