மூச்சு விடாத கன்றுக்கு முதலுதவி

கடினமான ஈற்றுக்குப் பின் மூச்சு விடாமல் பிறக்கும் கன்றைப் பிழைக்க வைக்கச் செய்யப்படும் உடனடி உதவி இதுவாகும். திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் ஆலைகளுக்கு இடையே உள்ள ஊர்களில் இன்னும் கறவை மாடுகள் வளர்க்கப்படுகின்றன. 1962 என்ற எண்ணில் அழைத்தால் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். ஆனால் மூச்சற்ற கன்றுக்கு இருப்பது சில நிமிடங்களே. ஆகவே அழைத்துவிட்டு, மாட்டுக்காரரே வேலையைத் தொடங்க வேண்டியுள்ளது.

காரணம்

தாயின் வயிற்றில் கன்றுக்குத் தொப்புள்கொடி வழியே உயிர்வளி கிடைக்கிறது. தலைச்சன் ஈற்றில் கன்று வழியில் சிக்கிக்கொண்டால் கொடி நசுங்கி அது தடைப்படும். இரத்தத்தில் அமிலத்தன்மை ஏறி, மூச்சைத் தூண்டும் மூளைப்பகுதி மந்தமாகும். கன்று துவண்டு, நாக்கு வீங்கி நீலமாகப் பிறக்கும்.

செய்முறை

எடுத்துக்காட்டாக, கலப்பினக் கிடேரி ஒன்று நெடுநேரம் முக்கி, 22 கிலோ கன்றை ஈன்று, அது அசையாமல் கிடப்பதாகக் கொள்வோம். முதலில் முழங்கைக்குப் பின்னால் இடது மார்பில் கை வைத்துப் பார்க்க வேண்டும். இதயம் துடித்தால் கன்றைக் காப்பாற்ற வாய்ப்புண்டு.

வாயிலும் மூக்கிலும் உள்ள சளியை விரலால் வழித்தெடுத்து, கன்றை மார்பு தரையில் படும்படி உட்கார வைத்து, பின்னங்கால்களை இருபுறமும் மடக்கிவிட வேண்டும். அப்போதுதான் இரு நுரையீரல்களும் விரியும். சுத்தமான வைக்கோல் தாளை மூக்கினுள் விட்டுக் கூச்சம் காட்டினால் கன்று தும்மி மூச்சை இழுக்கும். தலையில் குளிர்ந்த நீர் ஊற்றுவதும், துணியால் உடலை அழுத்தித் தேய்ப்பதும் இதே வேலையைச் செய்யும்.

ஒரு நிமிடத்திலும் மூச்சு வராவிட்டால், வாயையும் ஒரு மூக்குத் துளையையும் மூடி, மற்றதன் வழியே மெல்ல ஊத வேண்டும். மார்பு உயர வேண்டும். வயிறு உப்பினால் காற்று இரைப்பைக்குப் போகிறது என்று பொருள். கருச்சிதைவு நோய்க் கிருமி தொற்றக்கூடும் என்பதால் நேரடியாக வாய் வைக்காமல் குழாய் வழியே ஊதுவது நல்லது.

தவறான வழக்கம்

பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடும் வழக்கம் பரவலாக உள்ளது. அப்போது வடியும் நீரில் பெரும்பகுதி இரைப்பையிலிருந்து வருவது. குடல் உதரவிதானத்தை அழுத்துவதால் மூச்சு மேலும் கடினமாகும்.

பின்கவனிப்பும் எல்லையும்

மூச்சு சீரானதும் நாக்கு இளஞ்சிவப்பாகும். உடலை உலர்த்தி, தொப்புளில் அயோடின் தடவி, சப்பும் திறன் வந்த பின் இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும். எடையில் பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில், இக்கன்றுக்குச் சுமார் 2 லிட்டர் தேவை. சப்பாத கன்றுக்கு வாயில் ஊற்றினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். மருத்துவர் குழாய் வழியே புகட்டுவார்.

ஈறு வெளுத்து, இதயத்துடிப்பும் இல்லாமல், கண்ணைத் தொட்டாலும் இமை அசையாத கன்று பிழைப்பதில்லை.