சாதனத்துக்குப் போக இரண்டு வழிகள்

பழைய ஐபிஎம் பிசியில் 1016 என்ற எண்ணுக்கு இரண்டு இடங்கள் இருந்தன. புரோகிராம் எழுதுபவர்கள் அந்த எண்ணைப் பதினாறடிமானத்தில் 0x3F8 என்று எழுதுவார்கள். `mov` கட்டளையால் அந்த முகவரியில் ஒரு பைட்டை எழுதினால் அது நினைவகத்துக்குப் போகும். போய்ச் சேரும் இடமும் ஆபத்தானது. இன்டரப்ட் வரும்போது செயலி எங்கே தாவ வேண்டும் என்று சொல்லும் அட்டவணையில் 254-ஆம் எண்ணுக்கான இடம் அது. அதே பைட்டை அதே எண்ணுக்கு `out` கட்டளையால் அனுப்பினால் நினைவகத்தில் எதுவும் மாறாது. பெட்டிக்குப் பின்னால் இருக்கும் சீரியல் போர்ட்டின் கம்பி வழியாக ஓர் எழுத்து வெளியே போகும்.

1981-இல் வந்த அந்தக் கணினியில் இரண்டுக்கும் முகவரிக் கம்பிகள் பொதுவானவைதான். எழுதச் சொல்லும் கம்பிகள்தான் தனித்தனி. `mov` ஓடும்போது MEMW என்ற கம்பி உயிர்பெறும். நினைவகச் சில்லுகள் கவனிக்கும். `out` ஓடும்போது IOW உயிர்பெறும், சாதனங்கள் கவனிக்கும். ஓர் எழுத்தை அனுப்பும் வேலை இவ்வளவுதான்:

```
poll:
    mov dx, 0x3FD
    in  al, dx
    test al, 0x20
    jz  poll
    mov dx, 0x3F8
    mov al, 'A'
    out dx, al
```

0x3FD என்பது சீரியல் சில்லின் நிலையைச் சொல்லும் பதிவகம். அதில் 0x20 என்ற பிட் 1 ஆக இருந்தால், முந்தைய எழுத்தை எடுத்துக்கொண்டாயிற்று, அடுத்ததைக் கொடுக்கலாம் என்று பொருள். அதுவரை சுற்றிச் சுற்றிக் கேட்டுவிட்டு, பிறகு 'A'-வை அனுப்புகிறோம்.

இப்படிச் சாதனங்களுக்குத் தனி எண்வரிசையும் தனிக் கட்டளைகளும் வைக்கும் வழக்கம் இன்டெல் குடும்பத்தில் 1972-இன் 8008-லிருந்தே இருக்கிறது. அந்தச் செயலியால் மொத்தம் 16 கேபி நினைவகத்தைத்தான் எட்ட முடியும். அதில் ஒரு பங்கைச் சாதனங்களுக்கு விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வராது. 1974-இல் வந்த 8080, தனக்குக் கிடைத்த 256 கட்டளை எண்களில் இரண்டை மட்டும் `IN`, `OUT` என்று ஒதுக்கி, அதற்கு ஈடாக 256 போர்ட்டுகளைப் பெற்றது. 64 கேபி நினைவகமும் முழுதாகக் கையில் நின்றது. மலிவான பேரம் என்றுதான் சொல்வேன்.

டிஇசி நிறுவனம் 1970-இல் கொண்டுவந்த பிடிபி-11 எதிர்த்திசையில் போனது. அதில் சாதனங்களுக்கென்று ஒரு கட்டளையும் கிடையாது. முகவரி வெளியின் உச்சியில் 8 கேபியைச் சாதனப் பதிவகங்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். 64 கேபிதான் எட்டும் என்ற இயந்திரத்தில் எட்டில் ஒரு பங்கு போய்விட்டது. ஆனால் நினைவகத்தோடு பேசத் தெரிந்த எல்லாக் கட்டளைகளும் சாதனத்தோடும் பேசின. கூட்டலாம், பிட்டைச் சோதிக்கலாம், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நேராக நகர்த்தலாம். மோட்டோரோலா 6800, 68000, ஆப்பிள் II-இல் இருந்த 6502 எல்லாம் இந்த வழியைத்தான் பின்பற்றின. இன்றைய ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் செயலிகளும் அப்படியே.

ரிஸ்க்-ஃபைவ் கணினியைப் போலிசெய்து காட்டும் கியூஎமுவின் `virt` இயந்திரத்தில், பிசியில் இருந்த சீரியல் சில்லின் வாரிசான 16550 அப்படியே இருக்கிறது. பதிவகங்களின் வரிசைகூட மாறவில்லை. அங்கே அது 0x10000000 என்ற நினைவக முகவரியில் தொடங்குகிறது, அவ்வளவுதான். எனவே சி மொழியிலேயே எழுதிவிடலாம்:

```
volatile unsigned char *u =
    (unsigned char *)0x10000000;
while ((u[5] & 0x20) == 0)
    ;
u[0] = 'A';
```

பார்க்க எளிமைதான். ஆனால் இங்கே சாதனம் நினைவகத்தைப் போல வேடம் போட்டிருக்கிறது; நினைவகத்தின் குணம் அதற்கு இல்லை. நினைவகத்தில் எழுதியது, மறுபடி எழுதும்வரை அப்படியே இருக்கும். எத்தனை முறை படித்தாலும் ஒன்றும் ஆகாது. கம்பைலர் இந்த இரண்டையும் நம்பித்தான் வேலை செய்கிறது. முதல் வரியில் உள்ள `volatile` என்ற சொல்லை எடுத்துவிட்டால், u[5]-இன் மதிப்பை யாரும் மாற்றவில்லையே என்று நினைத்து அதை ஒரே ஒரு முறை படித்து வைத்துக்கொள்ளும். விநாடிக்கு 1,15,200 பிட் வேகத்தில் ஓர் எழுத்து வெளியேற சுமார் 87 மைக்ரோ விநாடி ஆகும். செயலிக்கு அது நீண்ட நேரம். முதல் எழுத்து போய்விடும். இரண்டாவதற்கு வரும்போது பிட் இன்னும் 0 ஆக இருக்கும். அந்தப் பழைய 0-வையே பார்த்துக்கொண்டு சுற்று முடிவின்றி ஓடும். இதைக் கண்டுபிடிக்க ஓர் அடையாளம் உண்டு. `-O0` கொடுத்துத் தொகுத்தால் நன்றாக ஓடும் புரோகிராம், `-O2` கொடுத்ததும் முதல் எழுத்தோடு நின்றுபோகும். உண்மையான பலகையில் இப்படி நிற்பது, எழுத்தை உடனுக்குடன் விழுங்கிவிடும் கியூஎமுவில் வெளிப்படாமலும் போகலாம்.

இன்னொரு பொறி டீபக்கரில் இருக்கிறது. 16550-இன் முதல் பதிவகத்தில் எழுதினால் எழுத்து போகும். அதையே படித்தால் வந்திருக்கும் எழுத்து எடுக்கப்பட்டுவிடும். டீபக்கரின் நினைவகச் சாளரத்தை 0x10000000-இல் திறந்து வைத்தால், திரையைப் புதுப்பிக்கும்போதெல்லாம் அது அந்த முகவரியைப் படிக்கும். புரோகிராமுக்கு வர வேண்டிய எழுத்துகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காணாமல் போகும். சாளரத்தை மூடினால் பிழையும் மறையும். நாள் கணக்கில் தேட வைக்கிற வகை இது.

வரிசைக் குழப்பமும் உண்டு. வேகத்துக்காகச் செயலிகள் நினைவக வேலைகளை முன்பின்னாக மாற்றிக்கொள்கின்றன. தரவை நினைவகத்தில் வைத்துவிட்டு, எடுத்துக்கொள் என்று சாதனத்துக்குச் சொல்லும்போது, சொன்னது முந்தி, தரவு பிந்திப் போனால் சாதனம் பழைய குப்பையை எடுத்துக்கொள்ளும். இதைத் தடுக்கத்தான் ரிஸ்க்-ஃபைவில் `fence` கட்டளை இருக்கிறது. நினைவகத்தைப் படித்தல், எழுதுதலுக்கு r, w என்றும், சாதனத்துக்கு i, o என்றும் அது தனித்தனி எழுத்துகள் வைத்திருக்கிறது. `fence w, o` என்றால், நினைவகத்தில் எழுதியது முடிந்த பிறகே சாதனத்துக்குச் சொல் என்று அர்த்தம். ஒரே வெளியாக்கிய பிறகும் அந்த வேறுபாட்டை எங்காவது சொல்லியாக வேண்டியிருக்கிறது.

பழைய `out` கட்டளையில் இந்தக் கவலை இல்லை. பெயரே இது சாதனம் என்று சொல்லிவிடுகிறது. கம்பைலர் அதைத் தொடுவதில்லை, கேஷ் குறுக்கே வராது, வேலை முடியும்வரை செயலியும் காத்திருக்கும். இந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். ஆனாலும் போர்ட்டுகள் தோற்றதற்குக் காரணம் அளவுதான். இன்டெல் 8086-இலிருந்து இன்றுவரை போர்ட் எண்கள் 65,536-ஐத் தாண்டவில்லை. ஐபிஎம் பிசியே தன் வண்ணத் திரையை 0xB8000 என்ற நினைவக முகவரியில்தான் வைத்தது. 80 எழுத்துகள் கொண்ட 25 வரிகளுக்கு 4,000 பைட். அவற்றைப் போர்ட் வழியாக ஒவ்வொன்றாகத் தள்ளுவது யாருக்கும் கட்டுப்படியாகாது. பின்னாளில் கிராபிக்ஸ் கார்டுகள் நூற்றுக்கணக்கான எம்பி கேட்டன.

அதற்கான விலையைப் பலர் நேரில் பார்த்திருப்பார்கள். 32 பிட் விண்டோஸ் கணினியில் 4 ஜிபி ரேம் போட்டும் திரை 3 அல்லது 3.25 ஜிபி என்று காட்டியது. 32 பிட்டில் எண்ணக்கூடிய முகவரிகளே 4 ஜிபிதான். அதன் மேற்பகுதியைக் கிராபிக்ஸ் கார்டும் மற்ற சாதனங்களும் பிடித்துக்கொண்டதால், அந்த முகவரிகளில் இருந்திருக்க வேண்டிய ரேம் மறைந்துபோனது. கடைக்காரர் ஏமாற்றவில்லை. 64 பிட் முகவரிகள் வந்த பிறகு இந்த நெருக்கடி தீர்ந்தது. லினக்ஸ் கணினியில் `sudo cat /proc/ioports`, `sudo cat /proc/iomem` என்ற இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டினால் இரண்டு வழிகளும் இன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைக் காணலாம். முதல் பட்டியலில் கீபோர்டு, டைமர் என்று பழைய ஆட்கள். இரண்டாவதில் ரேமும், அதற்கு நடுவிலும் மேலுமாக மற்ற சாதனங்கள் எல்லாமும்.