படுத்ததும் தூக்கம் வர எவ்வளவு நேரம்?

விளக்கை அணைத்த 10 முதல் 20 நிமிடத்துக்குள் தூக்கம் வருவது இயல்பு. தலை சாய்த்ததுமே தூங்கிவிடுவது பலருக்குத் தூக்கப் பற்றாக்குறையின் அடையாளம். அரை மணிக்கு மேல் புரள்வது வாரத்தில் 3 இரவாவது நேர்ந்து, 3 மாதம் நீடித்து, பகலில் சோர்வோ எரிச்சலோ தந்தால், மருத்துவர்கள் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்பார்கள்.

ஒருவர் 9.30 மணிக்கே படுத்து, 11 மணி வரை விழித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விடுமுறையில் 11 மணிக்குப் படுத்தால் கால் மணி நேரத்தில் தூங்கி, காலையில் தெளிவாக எழுகிறார். இவருக்குத் தூக்கம் கெடவில்லை. உடல் தயாராகும் முன்பே படுக்கிறார், அவ்வளவுதான். 11 மணிக்குப் படுத்தும் அதே புரளல் தொடர்ந்தால்தான் தூக்கமின்மையைச் சந்தேகிக்க வேண்டும். அப்போது படுக்கையிலேயே போராடாமல் எழுந்து உட்கார்ந்து, கண் சொக்கிய பிறகு படுப்பது நல்லது. அப்படியும் தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்கலாம்.