பாட்டி முகத்தில் கட்டங்கள்

கல்யாண மேடையில் இருபது பேர் நிற்கும் குடும்பப் படம். நடுவில் உட்கார்ந்திருக்கும் பாட்டி மட்டும் கண்ணை மூடிவிட்டார். அடுத்த நொடி எடுத்த படத்தில் கண் திறந்திருக்கிறது. அந்த முகத்தை எடுத்து இங்கே ஒட்டுவது ஸ்டூடியோவில் அன்றாட வேலைதான். ஆனால் ஆல்பம் அச்சாகி வந்தபின் பாட்டியின் கன்னத்திலும் நரைமுடி ஓரத்திலும் சின்னச் சின்னச் சதுரங்கள் தெரிந்தால், ஒட்டியவர் கையில் குறை இல்லை. கோப்பைச் சேமித்த விதத்தில்தான் குறை.

ஜேபெக் படத்தை 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நுணுக்கமான விவரத்தைக் குறைத்துச் சுருக்குகிறது. ஏற்கெனவே சுருக்கிய முகத்தை வேறு படத்தில் ஒட்டும்போது அதன் பழைய கட்டக்கோடுகளும் கூடவே வருகின்றன. புதிய படத்தின் கட்டங்களோடு அவை பெரும்பாலும் பொருந்துவதில்லை. மறுபடி ஜேபெக்காகச் சேமித்தால், பழைய கோடுகளின் மேல் புதிய கோடுகள் விழுகின்றன.

இதில் பெரிய கெடுதல், முகத்தைப் பெரிதாக்குவது. கேமரா படம் 6000 புள்ளி அகலம், அதில் பாட்டியின் முகம் 160 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். இருபது கட்டங்கள் அந்த முகத்தைத் தாங்குகின்றன. அதே படம் கைபேசிச் செயலி வழியாக 1600 புள்ளியாகச் சுருங்கி வந்தால் முகம் சுமார் 43 புள்ளிதான், ஐந்தே கட்டங்கள். அதை இழுத்து 160 ஆக்கினால் ஒவ்வொரு கட்டமும் 30 புள்ளி அகலச் சதுரமாக வீங்குகிறது. எந்தத் தூரிகையாலும் அதை முழுக்க மறைக்க முடியாது.

ஆகவே முதல் வேலை, இரண்டு படங்களையும் கேமராவின் மெமரி கார்டிலிருந்தே எடுப்பது. ரா கோப்பு இருந்தால் இன்னும் நல்லது. உறவினரிடமிருந்துதான் படம் வரவேண்டும் என்றால், படமாக அனுப்பாமல் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

ஒட்டிய பிறகு வேலைக் கோப்பு `.psd` ஆகவே இருக்கட்டும், லேயர்கள் கலையாமல். இன்று ஜேபெக்காகச் சேமித்து மூடி, நாளை அதையே திறந்து நிறத்தைத் திருத்தி, மறுநாள் வெட்டிச் சேமிப்பதுதான் படத்தைக் கெடுக்கும் பழக்கம். முக்கியமாக, ஓரத்தை வெட்டினால் கட்டங்கள் இடம் மாறும். அடுத்த சேமிப்பில் இழப்பும் கூடும். அளவு மாற்றம், கூர்மை எல்லாம் முடிந்தபின் ஒரே ஒரு முறை ஜேபெக் எடுங்கள். ஃபோட்டோஷாப்பில் தரம் 10-க்குக் குறையாமல் இருக்கட்டும். 6-க்கோ அதற்கும் கீழேயோ போனால் நிற விவரமும் குறைந்து, தோலுக்கும் பட்டுச்சேலைக்கும் நடுவே நிறம் கசியும்.

அச்சுக்கு அனுப்புமுன், எடுத்த ஜேபெக்கையே திறந்து 200 சதவீதத்தில் தாடை ஓரத்தைப் பாருங்கள். கர்வ்ஸில் கான்ட்ராஸ்டைத் தற்காலிகமாக ஏற்றினால், ஒளிந்திருக்கும் சதுரங்கள் கண்ணுக்குப் படும்.

சுருங்கிய பிரதி மட்டுமே கிடைத்தால்? முகத்தை இழுக்காதீர்கள். குடும்பப் படத்தையே அந்த முகத்தின் அளவுக்கு இறக்கி, சின்ன அச்சாகப் போட்டுக்கொடுங்கள்.