ஒரே வரவில் ஏழு மாத நிலுவை

ஏழாவது ஊதியக் குழுவின்படி மத்திய அரசு ஓய்வூதியத்தை உயர்த்தும் ஆணை 2016 ஆகஸ்ட் 4-ஆம் தேதி வந்தது. ஆனால் உயர்வு அந்த ஆண்டு ஜனவரி 1 முதலே செல்லும். அதனால் பலரது பாஸ்புக்கில் மாத ஓய்வூதியத்தோடு ஒரு பெரிய தொகை ஒற்றை வரியாக ஏறியது. அந்த ஒரு வரியில் எந்த மாதத்துக்கு எவ்வளவு என்பது தெரியாது. பழைய மாத வரவுகளை வைத்துத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

2010-இல் ஓய்வு பெற்ற ஒருவரின் அடிப்படை ஓய்வூதியம் 10,000 ரூபாய் என்று வையுங்கள். அதில் 4,000 ரூபாயைக் கம்யூட்டேஷனாக முன்பணமாய் வாங்கிவிட்டார். அகவிலைப்படி அப்போது 125 சதவீதம். அது கம்யூட்டேஷன் கழிக்காத முழு 10,000 ரூபாய்க்கும் உண்டு. எனவே மாதம் 22,500 ரூபாயில் 4,000 போக, வங்கியில் 18,500 ஏறியிருக்கும். புதிய கணக்கில் 10,000 ரூபாயை 2.57-ஆல் பெருக்க வேண்டும், 25,700 ரூபாய். பழைய அகவிலைப்படி இதற்குள்ளேயே அடங்கிவிட்டதால் தனியாகச் சேர்க்கக் கூடாது. கம்யூட்டேஷன் அதே 4,000 கழிந்து 21,700 ரூபாய். மாத வித்தியாசம் 3,200.

பலர் இடறுவது இங்கேதான். கம்யூட்டேஷன் கழித்த 6,000 ரூபாயை 2.57-ஆல் பெருக்கினால் 15,420தான் வரும், பழைய வரவைவிடக் குறைவு! பெருக்க வேண்டியது முழு ஓய்வூதியத்தை. கழிக்க வேண்டியது மாறாத பழைய கம்யூட்டேஷனை. இரு பக்கமும் ஒரே தொகை கழிவதால் நிலுவையில் அதன் தாக்கம் இராது. மருத்துவப் படி வாங்கியவருக்கும் இதே கதைதான்.

ஆகஸ்ட் ஓய்வூதியமே புது விகிதத்தில் வந்திருந்தால், ஜனவரி முதல் ஜூலை வரை ஏழு மாதத்துக்கு நிலுவை 22,400 ரூபாய். வந்தது 19,200 என்றால் ஒரு மாதம் விடுபட்டிருக்கிறது. 3,200-ஆல் மீதியின்றி வகுபடாத தொகையாக இருந்தால், வருமான வரி பிடித்தார்களா என்று முதலில் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் மாத வித்தியாசமே தவறாகப் போடப்பட்டிருக்கலாம். ஜூலை முதலான 2 சதவீத அகவிலைப்படி பின்னர் அறிவிக்கப்பட்டு வேறாக வந்தது. அதை இந்தத் தொகையில் தேட வேண்டாம்.

பாஸ்புக்கில் மாதங்களை எண்ணும்போது ஒன்றைக் கவனியுங்கள். மற்ற மாதங்களின் ஓய்வூதியம் அந்தந்த மாதக் கடைசியில் வரும். மார்ச் ஓய்வூதியம் மட்டும் ஏப்ரல் தொடக்கத்தில் வரும். அதனால் மார்ச்சில் வரவே இராது, ஏப்ரலில் இரண்டு இருக்கும். வரவுத் தேதியை வைத்து எண்ணினால் ஒரு மாதம் தொலைந்ததுபோலத் தோன்றும்.

தொகை ஒத்துவரவில்லை என்றால், வங்கியின் ஓய்வூதிய மையத்திடம் ‘ட்யூ அண்ட் டிரான் ஸ்டேட்மென்ட்’ கேட்டு எழுதுங்கள். பி.பி.ஓ. எண்ணைக் குறிப்பிட்டு, மேலே போட்டதுபோல ஒரு மாதக் கணக்கை மட்டும் இணைத்தால் போதும். வர வேண்டியது, ஏற்கெனவே பெற்றது, வித்தியாசம் என்று மாதவாரியாக அந்தத் தாளில் இருக்கும். எந்த மாதத்தில் பிழை என்பது அதில் தெரிந்துவிடும்.