வழுவழுப்புக்கு மார்க் இல்லை: மாணவர் அனிமேஷனை அளக்க ஓர் அளவுகோல்

மாணவர்கள் செய்த அனிமேஷனுக்கு மார்க் போடுவதில் ஒரு தொல்லை உண்டு. படம் ஓட ஆரம்பித்த ஐந்தாவது நொடியிலேயே மனசு ஒரு நம்பரைச் சொல்லிவிடும். மீதி 25 நொடியும் அந்த நம்பருக்குக் காரணம் தேடுவதிலேயே போய்விடும். 1920-ல் எட்வர்ட் தார்ண்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர், ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் போட்ட மதிப்பீடுகளை ஆராய்ந்தார். ஒரு குணத்தில் நல்ல பெயர் வாங்கியவருக்குச் சம்பந்தமே இல்லாத மற்ற குணங்களிலும் நல்ல மதிப்பீடு விழுந்திருந்தது. இதற்கு அவர் வைத்த பெயர்தான் ‘ஹாலோ’, ஒளிவட்டம். அனிமேஷனில் அந்த ஒளிவட்டம் பெரும்பாலும் வழுவழுப்பான அசைவிலிருந்தும் அழகான லைட்டிங்கிலிருந்தும் வருகிறது. இரண்டையும் இன்று மென்பொருளே பாதி செய்து கொடுத்துவிடுகிறது என்பதுதான் சிக்கல்.

நான் பயன்படுத்தும் அளவுகோல் 30 நொடிப் படத்துக்கானது. கதைக்கு 40, டைமிங்குக்கு 40, உழைப்புக்கு 20. படத்தின் ‘ஃபினிஷ்’க்குத் தனியாக மார்க் கிடையாது. இதை வேலை ஆரம்பிக்கும் முதல் நாளே கையில் கொடுத்துவிடுவேன். கடைசி நாளில் காட்டினால் அது அளவுகோல் இல்லை, தீர்ப்பு.

முதலில் கதை. இதை நான் நேரடியாக அளப்பதில்லை. படத்தை முன்னாடி பார்த்திராத ஒரு மாணவரைக் கூப்பிட்டு, சத்தமில்லாமல் ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டி, ‘என்ன நடந்துச்சு, சொல்லுங்க’ என்று கேட்பேன். அவர் வாயிலிருந்து மூன்று விஷயம் வர வேண்டும்: யாருக்கு என்ன வேணும், எது தடுத்துச்சு, கடைசியில் என்ன மாறிச்சு. வெறும் அசைவை மட்டும் சொன்னால் 10. நடந்ததைச் சொல்கிறார், ஆனால் ஏன் என்று சொல்ல முடியவில்லை என்றால் 20. மூன்றையும் சொல்லிவிட்டார், ஆனால் முடிவு திடீரென்று வந்து விழுந்த மாதிரி இருக்கிறது என்றால் 30. முடிவுக்கான விதை முன்னாடியே படத்தில் தெரிந்திருந்தால் 40. எடுத்தவரே விளக்கம் சொல்ல அனுமதி இல்லை. அவர் தலைக்குள் இருக்கும் கதை எப்போதும் நல்லாத்தான் இருக்கும்.

டைமிங்குதான் எல்லாரும் தடுமாறும் இடம். வழுவழுப்பும் டைமிங்கும் ஒன்று என்ற நினைப்பு ரொம்பப் பேருக்கு இருக்கிறது. சினிமா ஓடுவது நொடிக்கு 24 ஃபிரேம். கையால் வரைகிறவர்கள் பல காலமாக ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தி, நொடிக்கு 12 படம் என்று வேலையை முடிப்பார்கள். 2018-ல் வந்த ‘ஸ்பைடர்-மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்’ படத்தில், ஆரம்பத்தில் தடுமாறும் மைல்ஸை 12 படத்திலும், கைதேர்ந்த பீட்டரை 24 படத்திலும் அசைய வைத்தார்கள். அங்கே வெட்டி வெட்டிப் போகும் அசைவே கதை சொல்கிறது. அதனால் ‘ஜெர்க் அடிக்குது’ என்று மார்க் குறைக்க எனக்கு உரிமை இல்லை. நான் பார்க்க வேண்டியது, ஒவ்வொரு அசைவுக்கும் எத்தனை ஃபிரேம் கொடுத்திருக்கிறார், அந்த ஃபிரேம்களுக்குள் இடைவெளியை எப்படிப் பிரித்திருக்கிறார் என்பதை.

இதற்கு மூன்று இடங்களை எடுத்துக்கொள்வேன். எடை தெரியும் ஓர் இடம் (விழுவது, தாண்டுவது, தூக்குவது) 15 மார்க். பாத்திரம் யோசிக்கும் ஓர் இடம் (எதையோ பார்த்து, புரிந்து, பிறகு செயல்படுவது) 15. முழுப் படத்தின் ஓட்டம், அதாவது எந்த ஷாட்டில் எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்பது, 10. விஎல்சி பிளேயரில் படத்தைப் போட்டு `E` விசையை அழுத்திக்கொண்டே போனால் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். எண்ணிக்கொண்டே போகலாம்.

இரண்டு படங்களை வைத்துச் சொன்னால் புரியும். ஒன்று, பிளெண்டரில் செய்த நரி. இணையத்தில் இலவசமாகக் கிடைத்த, எலும்புக்கூடு பொருத்திய மாடல். நிலா வெளிச்சத்தில் காட்டுக்குள் ஓடுகிறது, ஓடையைத் தாண்டுகிறது, நின்று நிலாவைப் பார்க்கிறது. பார்க்க அவ்வளவு அழகு. இன்னொன்று, போனில் நொடிக்கு 12 போட்டோ வீதம் எடுத்த பேப்பர் கட்-அவுட் படம். பாட்டி மேசைமேல் பால் டம்ளரை வைத்துவிட்டுப் போகிறாள். பையன் பந்தை எடுக்கப் போய் டம்ளரைத் தட்டிவிடுகிறான். தூங்கிக்கொண்டிருக்கும் பூனை பக்கத்தில் டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு நல்ல பிள்ளையாக நிற்கிறான். பாட்டி வந்து தரையில் இருக்கும் அவனுடைய பால் கால்தடத்தைப் பார்க்கிறாள். வெளிச்சம் ஷாட்டுக்கு ஷாட் மாறுகிறது, ஓரிடத்தில் எடுத்தவரின் விரல் நிழல்கூடத் தெரிகிறது. கூட இருந்த ஆசிரியர் அளவுகோல் இல்லாமல் போட்ட மார்க், நரிக்கு 80, டம்ளருக்கு 55.

நரியின் கதையைத் திருப்பிச் சொன்ன பெண், ‘ஓடுது, தாண்டுது, நிலாவைப் பாக்குது’ என்றாள். ஏன் ஓடுது? ‘தெரியல சார்.’ 20. டம்ளர் கதையை ஒரு பையன் சிரித்துக்கொண்டே முழுசாகச் சொன்னான். ஆனால் கால்தடம் கடைசி ஷாட்டில் மட்டும்தான் முளைக்கிறது, பையன் பாலை மிதிப்பதை எங்கேயும் காட்டவில்லை. 30.

எடைக்கு வருவோம். நரி ஓடையைத் தாண்டும்போது காற்றில் 40 ஃபிரேம் இருக்கிறது. அது எழும்பும் உயரமோ ஏறக்குறைய அதன் உயரமே, 40 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த உயரத்துக்கு எழும்பி இறங்க நிஜத்தில் ஆகும் நேரம் சுமார் 14 ஃபிரேம்தான். அதைவிடப் பெரிய பிரச்சனை, தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு நரி மெதுவாகிறது. பிளெண்டரில் மேலே ஒரு கீ, கீழே ஒரு கீ வைத்துவிட்டு விட்டால், மென்பொருள் தானாகவே இரண்டு முனையிலும் வேகத்தைக் குறைத்து வளைத்துவிடும். உச்சியில் மெதுவாவது சரி. தரையில் மெதுவானால் நரி பஞ்சுமெத்தையில் இறங்குகிற மாதிரிதான் தெரியும்.

கார்ட்டூனில் இயற்பியலை மீறக் கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாக மீறலாம். வேண்டுமென்றே மீறியதா, மென்பொருள் விட்ட இடத்தில் விட்டதா என்பதைக் கண்டுபிடிக்க நான் செய்வது, அதே படத்தில் வேறு அசைவுகளைப் பார்ப்பது. நரி தலை திருப்புவதும், வால் ஆட்டுவதும், காலை வைப்பதும் எல்லாமே அதே மிதப்பில் இருந்தால் அங்கே யாரும் முடிவெடுக்கவில்லை என்று அர்த்தம். இங்கே அப்படித்தான் இருந்தது. எடைக்கு 6.

டம்ளர் மேசையிலிருந்து விழுவது வெறும் 5 போட்டோ. சாதாரண மேசை 75 சென்டிமீட்டர் உயரம் இருக்கும், அங்கிருந்து விழ நிஜத்தில் 0.4 நொடி ஆகும். நொடிக்கு 12 போட்டோ என்றால் கிட்டத்தட்ட 5. இடைவெளியும் கவனிக்க வேண்டியது. விழும் பொருள் சம நேரத்தில் கடக்கும் தூரம் 1, 3, 5, 7, 9 என்ற விகிதத்தில் கூடிக்கொண்டே போகும் என்பது கலிலியோ காலத்திலேயே தெரிந்த கணக்கு. 75 சென்டிமீட்டரை அப்படிப் பிரித்தால் 3, 9, 15, 21, 27 வரும். அந்த மாணவி கணக்கெல்லாம் போடவில்லை, ஒரு டம்ளரைக் கீழே போட்டு அதைப் போனில் எடுத்துப் பார்த்திருக்கிறாள். இடைவெளிகள் ஏறக்குறைய இதே மாதிரி கூடிக்கொண்டே போகின்றன. 13. விழுந்ததும் பையன் ஒரு நொடி அசையாமல் நிற்கிறான், பிறகு கண் மட்டும் வாசல் பக்கம் போகிறது, அப்புறம்தான் உடம்பு. யோசிப்பதற்கு 11. ஆனால் பாட்டி நடந்து வரும் ஷாட் தேவையில்லாமல் ஆறு நொடி இழுக்கிறது, ஓட்டத்துக்கு 5. நரிக்கு யோசிப்பது 5, ஓட்டம் 7.

உழைப்புக்கு மணிக்கணக்கைக் கேட்பது வீண். யாரும் குறைவாகச் சொல்ல மாட்டார்கள். படங்களின் எண்ணிக்கையும் உதவாது. டம்ளர் படத்துக்கு 360 போட்டோ தேவை. நரிக்கு முக்கிய நிலைகளை வைத்தால் போதும், நடுவில் இருப்பதைக் கணினி நிரப்பிவிடும். வீட்டில் நல்ல லேப்டாப் இருப்பவரும் இல்லாதவரும் ஒரே வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் நான் கேட்பது திருத்தத்துக்கான சான்று. அனிமேட்டிக் என்கிற, பென்சில் படங்களை நேர அளவோடு ஓடவிட்ட வரைவு ஒன்று. பிறகு ஏதாவது ஒரு ஷாட்டின் பழைய வடிவமும் புதிய வடிவமும், `shot03_v1`, `shot03_v2` என்று பெயரிட்டு. என்ன மாற்றினேன், ஏன் என்று இரண்டு வரி. இரவல் மாடலுக்குத் தண்டனை கிடையாது, ஆனால் சொல்லிவிட வேண்டும்.

நரிக்காரர் இரவல் மாடலை ஒளிக்கவில்லை. அனிமேட்டிக் கொடுத்தார். ஆனால் இரண்டு வடிவத்துக்கும் நடுவில் லைட் மட்டும்தான் மாறியிருந்தது. 8. டம்ளர் மாணவி முதல் வடிவத்தில் 10 போட்டோவில் விழவைத்து, ‘பலூன் மாதிரி இருக்கு’ என்று எழுதி, திரும்ப எடுத்திருக்கிறாள். 17. மொத்தம் நரி 46, டம்ளர் 76.

நரிக்காரர் வந்து, ‘லைட்டிங்குக்கு மூணு நாள் உக்காந்தேன் சார்’ என்றார். உண்மைதான். லைட்டிங் பாடத்தில் இதே படம் முதலிடம் வாங்கியிருக்கும். இந்த வேலைக்கான தாளில் அது இல்லை, அது அவருக்கும் முதல் நாளே தெரியும்.

மார்க் போடும் வரிசையும் முக்கியம். ஒரு மாணவரின் மூன்று பகுதிக்கும் ஒரே மூச்சில் போட மாட்டேன். வகுப்பு முழுவதற்கும் கதை, இன்னொரு நாள் டைமிங், அப்புறம் உழைப்பு. இரண்டாவது ஆசிரியரும் தனியாகப் போடுவார். ஏதாவது ஒரு பகுதியில் எங்களுக்குள் 10 மார்க்குக்கு மேல் வித்தியாசம் வந்தால் சராசரி எடுப்பதில்லை, சேர்ந்து உட்கார்ந்து மறுபடி பார்ப்போம். சராசரி எடுத்தால், ஒருவர் கவனித்த விஷயத்தை மற்றவர் கவனிக்கவே இல்லை என்பது மறைந்துபோகும்.

பழைய வடிவத்தைப் பிறகு உட்கார்ந்து பொய்யாகத் தயாரிப்பவர்களும் உண்டு. சந்தேகம் வந்தால் ஃபைலைத் திறக்கச் சொல்லி, ‘இந்த இடத்துல நாலு ஃபிரேம் கூட நிறுத்துங்க’ என்பேன். தானே செய்தவர் எந்தக் கீயைப் பிடித்து நகர்த்த வேண்டும் என்று தேட மாட்டார். ஸ்டாப் மோஷனில் இது இன்னும் சுலபம், போட்டோக்களின் நேரமே பேசிவிடும்.

இந்த அளவுகோல் உடையும் இடம் ஒன்று இருக்கிறது. நார்மன் மெக்லாரன் 1940-ல் ஃபிலிம் மேலேயே நேரடியாகப் புள்ளிகள் வரைந்து ‘டாட்ஸ்’ என்ற படம் செய்தார். அதில் யாருக்கும் எதுவும் வேண்டாம், தடையும் இல்லை. என் கதைப் பகுதியில் அது 10-ஐத் தாண்டாது. போன வருடம் ஒரு மாணவர் கோலப்புள்ளிகளை வைத்து அப்படி ஒன்று செய்ய விரும்பினார். அவருக்காக மூன்று கேள்வியையும் மாற்றினேன்: எது திரும்பத் திரும்ப வருது, எங்கே அது மாறுது, முடியும்போது முடிஞ்சிருச்சுன்னு தெரிஞ்சுதா. பார்த்தவர்கள் மூன்றாவது கேள்விக்கு மட்டும் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். அந்தக் கேள்வியை வேறு எப்படிக் கேட்பது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.